வளைவுக்குப் பின்னால் இருக்கும் மண்

தெருவில் குடிநீர் மெயின் பதிக்கிறார்கள். நேராகப் போகிற இடத்தில் வேலை சுலபம். பள்ளத்தில் குழாயை இறக்கி, ஒன்றின் வாயில் இன்னொன்றை நுழைத்து, மண்ணைத் தள்ளி மூடிவிடுகிறார்கள். தெருமுனையில் குழாய் திரும்பும் இடத்தில் மட்டும் நடை மாறுகிறது. வளைவின் வெளிப்பக்கத்தில் பள்ளத்தின் சுவரை இன்னும் கொஞ்சம் வெட்டி, சென்ட்ரிங் பலகை அடித்து, குழாய்க்கும் மண்ணுக்கும் நடுவே காங்கிரீட் கொட்டுகிறார்கள். களத்தில் இதற்குத் திரஸ்ட் பிளாக் என்று பெயர்; உந்துதாங்கி என்று எழுதுவோரும் உண்டு. குழாயின் கனத்தைத் தாங்கத்தான் இது என்று பார்ப்பவர்கள் நினைப்பார்கள். ஆனால் காங்கிரீட் குழாய்க்கு அடியில் இல்லை, பக்கவாட்டில் இருக்கிறது. அது தடுப்பது கனத்தை அல்ல, குழாய் வெளியே நகர்வதை.

குழாய் ஏன் நகர வேண்டும்? வேகமாக வரும் தண்ணீர் வளைவில் மோதித் திரும்புவதால் என்பதுதான் பலருக்கும் முதலில் தோன்றும் பதில். பொறியியல் படித்தவர்கள்கூடச் சில நேரம் அப்படிச் சொல்லக் கேட்கலாம். தண்ணீர் திரும்பும்போது ஒரு தள்ளல் உண்டு என்பது உண்மைதான். ஆனால் 300 மில்லிமீட்டர் குழாயில் நொடிக்கு ஒரு மீட்டர் வேகத்தில் ஓடும் தண்ணீர் செங்கோண வளைவில் மோதித் தரும் தள்ளல் பத்துப் பதினோரு கிலோ எடைக்குச் சமம், அவ்வளவுதான். அதை ஒரு ஆள் கையாலேயே பிடித்து நிறுத்திவிடலாம். உண்மையான தள்ளல் தண்ணீர் அசையாமல் நிற்கும்போதும் இருக்கிறது. அது ஓட்டத்திலிருந்து வருவதில்லை, அழுத்தத்திலிருந்து வருகிறது.

அழுத்தம் உள்ள தண்ணீர் எல்லாப் பக்கமும் சமமாகத் தள்ளும். நேரான ஒரு குழாய்த் துண்டை எடுத்துக்கொண்டால், அதன் இரண்டு முனைகளிலும் உள்ள தண்ணீர் எதிரெதிராகத் தள்ளுகிறது. இரண்டும் ஒரே கோட்டில் இருப்பதால் ஒன்றை ஒன்று தின்றுவிடும், குழாய்க்கு ஒன்றும் தெரியாது. வளைவில் அந்த இரண்டு முனைகளும் ஒன்றையொன்று பார்ப்பதில்லை. ஒன்று வடக்கிலிருந்து தெற்கே தள்ளுகிறது, மற்றது மேற்கிலிருந்து கிழக்கே தள்ளுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டும் சேர்ந்து வளைவைத் தென்கிழக்காக, அதாவது மூலைக்கு வெளியே நெட்டித் தள்ளும். மோட்டார் ஓடினாலும் நின்றாலும், குழாயில் அழுத்தம் இருக்கும்வரை இந்தத் தள்ளல் இருக்கும்.

பற்றவைத்த இரும்புக் குழாயில் இது பெரிய சிக்கல் இல்லை. வளைவு வெளியே போகப் பார்த்தால் இரண்டு பக்கக் குழாய்களும் அதைப் பிடித்து இழுக்கும். பற்றவைப்பு அந்த இழுவையைத் தாங்கிக்கொள்ளும். நம் ஊர்களில் இன்று அதிகம் பதிக்கப்படும் டி.ஐ. குழாயில் இணைப்பு வேறு மாதிரி. ஒரு குழாயின் அகன்ற வாய்க்குள் ரப்பர் வளையம் உட்கார்ந்திருக்கும், அடுத்த குழாயின் முனையை அதற்குள் அழுத்தித் தள்ளுவார்கள். நட்டு, போல்ட்டு, பற்றவைப்பு எதுவும் கிடையாது. ரப்பர் தண்ணீரைக் கசியவிடாது. நிலம் கொஞ்சம் அமிழ்ந்தாலும் இணைப்பு வளைந்து கொடுக்கும். பதிப்பதும் வேகமாக முடியும். ஆனால் நுழைத்த குழாயை யாராவது பின்னால் இழுத்தால் ரப்பர் பிடித்துக்கொள்ளாது. அதன் வேலை அடைப்பது மட்டும்தான். ரப்பர் வளையம் போட்ட பி.வி.சி. குழாய்க்கும் இதே கதைதான்.

எவ்வளவு தள்ளும் என்று கணக்குப் போட்டுப் பார்த்தால்தான் விஷயத்தின் அளவு புரியும். ஒரு பேரூராட்சியில் நீரேற்று நிலையத்திலிருந்து மேல்நிலைத் தொட்டிக்குப் போகும் 300 மில்லிமீட்டர் டி.ஐ. மெயினை எடுத்துக்கொள்வோம். மோட்டார் ஓடும்போது குழாயில் ஆறரைக் கிலோ பிரஷர், அதாவது ஒரு சதுர சென்டிமீட்டருக்கு ஆறரைக் கிலோ. பதித்து முடித்துச் சோதிக்கும்போது பத்துக் கிலோவுக்கு ஏற்றுவார்கள். திரஸ்ட் பிளாக்கை இந்தச் சோதனை அழுத்தத்துக்குத்தான் கணக்கிட வேண்டும், அன்றாட அழுத்தத்துக்கு அல்ல. இன்னொரு நுணுக்கம்: 300 என்பது குழாயின் பெயர்தான். இணைப்பில் தண்ணீர் ரப்பர் வளையம் வரை எட்டுவதால் வெளிவிட்டத்தைத்தான் எடுக்க வேண்டும். இந்தக் குழாயின் வெளிவிட்டம் 326 மில்லிமீட்டர். அதன் வட்டப் பரப்பு ஏறத்தாழ 835 சதுர சென்டிமீட்டர். பத்தால் பெருக்கினால் 8,350 கிலோ, எட்டேகால் டன்னுக்குச் சற்று மேல். வளைவின் ஒவ்வொரு முனையிலும் இவ்வளவு தள்ளல் இருக்கிறது. செங்கோண வளைவில் இரண்டும் மூலைவிட்டமாகக் கூடும்போது 1.414 மடங்காகும். கிடைப்பது 11.8 டன்.

ஆள் ஏறிய ஒரு நகரப் பேருந்தின் எடை ஏறக்குறைய அவ்வளவு இருக்கும். அந்த எடை ஒரு சாண் ரப்பர் வளையத்தின் மேல் சாய்ந்து நிற்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

வளைவு மெதுவாகத் திரும்பினால் தள்ளல் குறையும். அதே குழாயில் 45 பாகை பெண்டு 6.4 டன் தள்ளும், 22.5 பாகை பெண்டு மூன்றேகால் டன், 11.25 பாகையில் ஒன்றரை டன்னுக்குச் சற்று மேல். குழாயின் விட்டம் கூடினால் கதை வேறு. விட்டம் இரட்டித்தால் தள்ளல் நான்கு மடங்காகும். 600 மில்லிமீட்டர் மெயினில் இதே அழுத்தத்தில் செங்கோண வளைவு கிட்டத்தட்ட 45 டன் தள்ளும். சின்னக் குழாயில் பழகிய கை, பெரிய குழாயிலும் கண்ணளவில் நாலு சட்டி காங்கிரீட் கொட்டிவிட்டுப் போவது ஆபத்தாவது இதனால்தான்.

இப்போது காங்கிரீட்டுக்கு வருவோம். பன்னிரண்டு டன்னை அந்தக் காங்கிரீட் கட்டி தாங்குகிறது என்று சொல்வது பாதி உண்மைதான். அது எங்கும் ஊன்றப்படவில்லை. தனக்குப் பின்னால் இருக்கும் மண்ணின் மேல் சாய்ந்துதான் நிற்கிறது. வளைவின் முதுகு மண்ணைத் தொடும் இடம் சிறியது. அந்தச் சிறிய இடத்தில் பன்னிரண்டு டன் விழுந்தால் மண் பிதுங்கிக் குழாய் உள்ளே புதையும். காங்கிரீட் அந்தத் தள்ளலை வாங்கி, அகலமான ஒரு முகமாக விரித்து, மண்ணிடம் ஒப்படைக்கிறது. கடைசியில் தாங்குவது மண்தான். ஆகவே காங்கிரீட் கட்டி எவ்வளவு கனம் என்பது இரண்டாம் பட்சம். மண்ணைத் தொடும் முகம் எவ்வளவு பரப்பு, அந்த மண் எப்படிப்பட்டது என்பவைதான் முதல் கேள்விகள்.

ஓரளவு கெட்டியான மணல் கலந்த மண் பக்கவாட்டில் ஒரு சதுர மீட்டருக்குப் பத்து டன் தாங்கும் என்று வைத்துக்கொண்டு நம் தெருமுனையைக் கணக்கிடலாம். 11.8 டன்னோடு பாதுகாப்புக்காக இன்னும் பாதியைச் சேர்த்தால் 17.7 டன். பத்தால் வகுத்தால் 1.77 சதுர மீட்டர் முகம் தேவை. உயரத்தை இஷ்டத்துக்கு ஏற்ற முடியாது. தரைமட்டத்திலிருந்து கட்டியின் அடிவரை உள்ள ஆழத்தில் பாதிக்கு மேல் அதன் உயரம் போகக்கூடாது என்பது பொதுவான விதி. மீறினால் கட்டி தனக்கு மேலே உள்ள கொஞ்ச மண்ணையும் தூக்கிக்கொண்டு வெளியேறிவிடும். குழாய்க்கு மேல் ஒரு மீட்டர் மண் இருந்தால், 80 சென்டிமீட்டர் உயரம் சரியாக வரும். அப்படியானால் அகலம் இரண்டேகால் மீட்டர் வேண்டும். தெருமுனையில் இரண்டேகால் மீட்டர் என்பது சின்ன இடமில்லை. அங்கே பழைய சாக்கடையும் தொலைபேசி கேபிளும் ஏற்கெனவே குடியிருக்கும்.

அதே மூலை ஏரிக்கரையோரச் சேற்றுக் களிமண்ணாக இருந்தால்? பக்கவாட்டில் ஐந்து டன்தான் தாங்கும் என்றால், முகம் மூன்றரைச் சதுர மீட்டராகிவிடும். எண்பது சென்டிமீட்டர் உயரத்தில் அது கிட்டத்தட்ட நாலரை மீட்டர் அகலம். நடைமுறையில் அந்த இடத்தில் அப்படி ஒன்றைக் கட்டவே முடியாது. செங்கோண பெண்டை விட்டுவிட்டு, சில மீட்டர் இடைவெளியில் இரண்டு 45 பாகை பெண்டு போட்டு, ஒவ்வொன்றுக்கும் தனித்தனிக் கட்டி வைத்தால் ஒவ்வொன்றும் இரண்டரை மீட்டருக்குள் அடங்கும். காங்கிரீட் குறையாது, இடம் மட்டும் கிடைக்கும். மண் எந்த வகை என்று பார்க்காமல் எல்லா மூலைக்கும் ஒரே அளவு போடுகிற வரைபடத்தை நம்ப வேண்டாம் என்று சொல்வதற்கு இந்த ஒரு கணக்கே போதும்.

கட்டும் விதத்தில் ஒரு விஷயத்தை விட்டுக்கொடுக்கவே முடியாது. கட்டியின் பின்முகம் தோண்டப்படாத மண்ணைத் தொட வேண்டும். ஜே.சி.பி. பள்ளம் தோண்டும்போது தேவைக்கு மேல் அரை மீட்டர் அள்ளிவிடும். அந்த இடைவெளியில் தோண்டிப் போட்ட மண்ணையே நிரப்பி மிதித்துவிட்டு, அதன் முன்னால் காங்கிரீட் போட்டால், அளவு சரி, கலவை சரி, ஆனால் பயன் இல்லை. நிரப்பிய மண் தள்ளல் வந்ததும் அமுங்கும். இரண்டு மூன்று சென்டிமீட்டர் அமுங்கினாலே வளைவு அவ்வளவு தூரம் நகர்ந்துவிடும், பக்கத்து இணைப்பு அவ்வளவு வெளியே வந்துவிடும். ஆகவே பின்சுவரைக் கடைசியில் கடப்பாரையும் மண்வெட்டியும் கொண்டு கையால் சீவி, உதிர்ந்த மண்ணை வாரி எடுத்துவிட்டு, காங்கிரீட்டை நேரே அந்தச் சுவரின் மேல் கொட்ட வேண்டும். மண் அதிகம் போய்விட்டால் அந்த இடத்தையும் காங்கிரீட்டால்தான் நிரப்ப வேண்டும். பின்பக்கம் பலகை அடிப்பதற்கு வேலையே இல்லை. பலகையைக் கழற்றியதும் அங்கே ஒரு சந்து நிற்கும்.

குழாயின் பக்கத்தில் வேறு எச்சரிக்கை. காங்கிரீட் வளைவின் உடம்பைத் தாங்க வேண்டும், ஆனால் இணைப்பின் வாயை மூடக்கூடாது. மூடிவிட்டால் பிறகு கசிவு வந்தால் எங்கிருந்து வருகிறது என்றும் தெரியாது, உடைக்காமல் ரப்பரை மாற்றவும் முடியாது. குழாய்க்கும் காங்கிரீட்டுக்கும் நடுவே ஒரு பாலிதீன் தாளை வைத்துவிட்டால் ஒட்டிக்கொள்ளாது. இன்னொன்று, கட்டியின் நடு உயரம் குழாயின் நடுக்கோட்டோடு ஒத்துப்போக வேண்டும். அடியில் மட்டும் காங்கிரீட் திரண்டிருந்தால் தள்ளல் மேல்பாதியில் விழுந்து கட்டி புரளப் பார்க்கும்.

பிறகு வருவது சோதனை. குழாயில் தண்ணீர் நிரப்பி, காற்றை வெளியேற்றி, கை பம்பால் அழுத்தத்தைப் பத்துக் கிலோவுக்கு ஏற்றி, கேஜைப் பார்த்துக்கொண்டு நிற்பார்கள். திரஸ்ட் பிளாக் தன் வாழ்நாளில் முதல்முறையாகச் சுமை வாங்குவது அன்றுதான். பெரும்பாலும் அதிகபட்சச் சுமையும் அன்றுதான். காங்கிரீட் போட்டு ஒரு வாரமாவது ஆகாமல் அழுத்தம் ஏற்றக்கூடாது என்பது இதனால்தான். பில் போட வேண்டும், மாத முடிவு வந்துவிட்டது என்று மூன்றாம் நாளே பம்பைப் பிடிக்கிறவர்கள் உண்டு. சோதனைக்கு முன் ஒவ்வொரு இணைப்பிலும் குழாய் எவ்வளவு உள்ளே போயிருக்கிறது என்பதைக் காட்ட ஒரு சாக்பீஸ் கோடு போட்டுவைத்தால் போதும். அழுத்தம் ஏறியபின் அந்தக் கோடு வாயை விட்டு விலகினால் வளைவு நகர்கிறது என்று பொருள். கேஜ் இறங்குவதற்கு முன்பே இது காட்டிக்கொடுக்கும். அப்படிக் கண்டால் அழுத்தத்தை உடனே இறக்க வேண்டும். யாரும் பள்ளத்துக்குள் இறங்கி வளைவுக்கு முன்னால் நின்று எட்டிப் பார்க்கக்கூடாது.

டீ-யின் கணக்கு வளைவைவிட எளிது, ஆனால் அதிகம் மறக்கப்படுவதும் அதுதான். மெயினிலிருந்து ஒரு கிளை பிரிகிறது. கிளைக்கு நேர் எதிரே உள்ள மெயினின் சுவரைத் தண்ணீர் தள்ளுகிறது. கிளைப் பக்கம் அதற்கு ஈடு இல்லை. ஆகவே டீ கிளைக்கு எதிர்ப்பக்கம் நகரப் பார்க்கும். கட்டி வர வேண்டியதும் அந்த முதுகில்தான். அளவைத் தீர்மானிப்பது கிளையின் விட்டம், மெயினின் விட்டம் அல்ல. நம் 300 மெயினில் 150 மில்லிமீட்டர் கிளை பிரிந்தால், அதன் வெளிவிட்டம் 170 மில்லிமீட்டர். பத்துக் கிலோவில் தள்ளல் இரண்டேகால் டன். நல்ல மண்ணில் 60 சென்டிமீட்டருக்கு 60 சென்டிமீட்டர் முகம் போதும். இவ்வளவு சின்ன வேலை என்பதால்தான் விட்டுப்போகிறது. குழாயின் முடிவில் மூடி போடும்போதும் தள்ளல் இருக்கிறது. அங்கே எதிர்முனையே இல்லை என்பதால் முழு எட்டேகால் டன்னும் மூடியின் மேல் விழும். அடுத்த ஆண்டு குழாயை நீட்டப்போகிறோம் என்று தற்காலிகமாக மூடி வைப்பவர்கள், தற்காலிகம் என்பதால் காங்கிரீட்டையும் தவிர்த்துவிடுவார்கள். தண்ணீருக்கு அந்தக் கணக்கெல்லாம் தெரியாது.

குழாய் மேடேறி இறங்கும் இடம் இன்னொரு வகை. வாய்க்கால் கரையைத் தாண்ட மேலே ஏறிய குழாய், உச்சியில் 45 பாகை பெண்டில் கீழே திரும்புகிறது என்றால், தள்ளல் வானத்தை நோக்கி இருக்கும். மேலே தாங்க மண் இல்லை. அங்கே மட்டும்தான் காங்கிரீட்டின் எடைக்கு முக்கியத்துவம் வருகிறது. நம் குழாயில் மேல்நோக்கிய தள்ளல் ஏறக்குறைய ஆறு டன். ஒரு கன மீட்டர் காங்கிரீட் 2.4 டன் என்பதால் இரண்டரைக் கன மீட்டர் கட்டியைக் குழாய்க்கு அடியில் போட்டு, இரும்புப் பட்டையால் குழாயை அதனோடு கட்டிவைக்க வேண்டும். மழைக்காலத்தில் நிலத்தடி நீர் ஏறி அந்தக் கட்டி மூழ்கினால் மிதப்பால் அதன் எடை 1.4 டன்னுக்கு இறங்கிவிடும். நாலேகால் கன மீட்டராவது போட்டிருந்தால்தான் அப்போதும் தாங்கும். இதில் பாதுகாப்புக்காகச் சேர்க்க வேண்டிய கூடுதலை நான் இன்னும் சேர்க்கவே இல்லை. கோடையில் தோண்டிப் பார்த்துக் கணக்கிட்டவர் இதைத் தவறவிட்டால், கார்த்திகையில் பட்டை அறுந்து குழாய் தலை தூக்கும்.

எல்லாம் சரியாகக் கட்டியாயிற்று, சோதனையும் தேறிவிட்டது என்றாலும் இரண்டு ஆபத்துகள் மிச்சம் இருக்கின்றன. ஒன்று மின்வெட்டு. மோட்டார் சட்டென்று நின்றால் ஓடிக்கொண்டிருந்த தண்ணீர் திடீரென அடங்கி, குழாய் நெடுக அழுத்த அலை ஒன்று முன்னும் பின்னும் பாயும். நொடிக்கு ஒரு மீட்டர் வேகத்தில் ஓடும் தண்ணீரை ஒரேயடியாக நிறுத்தினால் இந்த வகைக் குழாயில் பத்துக் கிலோவுக்கு மேலும் அழுத்தம் கூடலாம். நல்ல ரிஃப்ளக்ஸ் வால்வும் காற்று வால்வுகளும் இதைப் பெருமளவு அடக்கிவிடும். அவை பழுதாகிக் கிடக்கும் ஊர்களில் சோதனை நாளில் கண்ட அழுத்தத்தைவிட அதிகமாகவே திரஸ்ட் பிளாக் சந்திக்கும்.

மற்றது மண்வெட்டி. பதினைந்து ஆண்டு கழித்து அதே மூலையில் மழைநீர் வடிகாலுக்கோ மின்கேபிளுக்கோ தோண்டுகிறார்கள். காங்கிரீட் கட்டி கண்ணில் படுகிறது. அதை உடைக்காமல் கவனமாக அதன் பின்பக்கமாகப் பள்ளத்தைத் திருப்பிக்கொண்டு போகிறார்கள். உடைத்திருந்தால்கூட யாராவது சத்தம் போட்டிருப்பார்கள். பின்னால் இருந்த மண்ணை அள்ளுவதை யாரும் தவறாக நினைப்பதில்லை, ஆனால் தாங்கிக்கொண்டிருந்தது அதுதான். குழாயில் அழுத்தம் குறைவாக இருக்கும் பகல் நேரத்தில் ஒன்றும் நடக்காது. இரவு மோட்டார் போட்டதும் கட்டி பள்ளத்துக்குள் நகரும், இணைப்பு கழன்று தெரு குளமாகும். அதற்கு முன் சில அறிகுறிகள் தெரியும்: வளைவின் வெளிப்பக்கச் சாலையில் பிறை வடிவில் ஒரு விரிசல், வெயில் நாளிலும் காயாத ஈரம், பக்கத்து வீட்டுக் குழாயில் கலங்கிய தண்ணீர். மூலையைச் சுற்றி எங்கே தோண்டக்கூடாது என்று குழாய் வரைபடத்தில் கட்டியின் அளவோடு குறித்துவைத்தால் பாதி விபத்துகள் குறையும். பெரும்பாலான வரைபடங்களில் குழாய் ஒரு கோடாக இருக்கும், கட்டி இருக்காது.

இந்தத் தொல்லையெல்லாம் வேண்டாம் என்றுதான் இழுவை தாங்கும் இணைப்புகள் வந்தன. ரப்பர் வளையத்துக்குள்ளேயே எஃகுப் பற்கள் பதித்து, வெளியே வரும் குழாயைக் கடித்துப் பிடிக்கும் வகை உண்டு. பற்றவைத்த வளையத்தைப் பூட்டால் பிடிக்கும் வகையும் உண்டு. வளைவில் மட்டும் போட்டால் போதாது. தள்ளல் முழுவதும் சுற்றியுள்ள மண்ணின் உராய்வில் கரையும்வரை, வளைவின் இரு பக்கமும் தேவையான நீளத்துக்கு எல்லா இணைப்புகளையும் இப்படிப் பூட்ட வேண்டும். விலை அதிகம்தான், ஆனால் நெருக்கமான தெருவில், சேற்று மண்ணில், பின்னால் யார் தோண்டினாலும் கவலையில்லாத வழி இது. உருக்கி ஒட்டிய எச்.டி.பி.ஈ. குழாய்க்கு வளைவில் கட்டி தேவைப்படாததும் இதே காரணத்தால்தான். அது முழுதும் ஒரே துண்டு. ஆனால் அது டி.ஐ. குழாயோடு சேரும் இடத்தில் கவனம் வேண்டும். அழுத்தத்தில் எச்.டி.பி.ஈ. குழாய் கொஞ்சம் பருத்து நீளத்தில் சுருங்கும். சுருங்கும்போது பக்கத்திலுள்ள ரப்பர் இணைப்பை இழுத்துக் கழற்றிவிடும். அந்தச் சந்திப்பில் ஒரு நங்கூரக் கட்டி போட்டே ஆக வேண்டும்.

பழுது பார்ப்பவர்கள் அடிக்கடி மாட்டிக்கொள்வது மூடிய வால்விடம். கசிவைச் சரிசெய்ய மேல்பக்க வால்வை மூடிவிட்டு, கீழ்ப்பக்கக் குழாயை அறுத்து எடுக்கிறார்கள். வால்வு திறந்திருந்தவரை அதன் மேல் தள்ளலே இல்லை. மூடிய நொடியில் அது குழாயின் முடிவு போலாகிவிட்டது. இருந்தும் அசையவில்லை, ஏனென்றால் முன்னால் இருந்த குழாய் வரிசை அதை முட்டுக்கொடுத்து நிறுத்தியது. அந்தக் குழாயைத்தான் இப்போது அறுத்துவிட்டார்கள். ஆறரைக் கிலோ பிரஷரில் அந்த 300 வால்வின் பின்னால் ஐந்தரை டன் தள்ளல் இருக்கும், அது நேராக ஆட்கள் நிற்கும் குழியைப் பார்த்து இருக்கும். வால்வுக்கு அடியில் நங்கூரக் கட்டி இருக்கிறது என்று உறுதியாகத் தெரிந்தாலொழிய, இன்னும் தள்ளி உள்ள வால்வை மூடி, இடையில் உள்ள தண்ணீரை வடித்துவிட்டுத்தான் குழாயை அறுக்க வேண்டும். அப்படிச் செய்ய வழியில்லை என்றால், அறுப்பதற்கு முன்பே வால்வுக்கும் குழியின் எதிர்ச்சுவருக்கும் நடுவே கனமான மரச்சட்டங்களை முட்டுக்கொடுத்து இறுக்கிவிடுவார்கள். புதுக் குழாய் பொருந்தி, வால்வு மெதுவாகத் திறந்து, இரண்டு பக்கமும் அழுத்தம் சமமான பிறகுதான் அந்தச் சட்டங்களை எடுப்பார்கள்.